மஞ்ச பிளேட்டு லோரியும் மயிலம்மாள் குடும்பமும்

பஞ்சாலை அம்மாவ தெரியாதவங்க எங்க ஊரு புக்கிட் பெலண்டோக்ல ரெண்டே பேருதான். ஒண்ணு நேத்து பொறந்த புள்ள, இன்னொண்ணு காது கேக்காத பூன. மத்த எல்லாருக்கும் அந்தம்மாவ தெரியும். பள்ளிக்கூட கேண்டீன்ல மீ கோரேங் நூடுல்ஸ் பெரட்டுற அம்மா. "தம்பி, தட்ட கழுவ போடு!"ன்னு இங்க கூப்பிட்டா பக்கத்து ஊரு லுக்குட்ல உள்ளவன் தட்ட கீழ வச்சிருவான். அப்படி ஒரு தொண்ட.

தொண்டதான் அப்படி. பேச்சு அப்படி இல்ல. தோட்டத்துல இருந்த காலத்துல, வேலைய மேய்க்கிற மண்டோரோட பொண்டாட்டி இவங்க வீட்டு அம்மிய வாங்கிட்டு போயி வருசக்கணக்கா குடுக்கவே இல்ல. வேற ஆளா இருந்தா லயத்து வாசல்ல நின்னு பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து ஏசியிருக்கும். பஞ்சாலை என்னா பண்ணுச்சு? நேரா போயி, "அக்கா, உங்க அம்மியில கொஞ்சம் மொளகா அரைச்சிக்கவா?"ன்னு கேட்டுச்சு. உங்க அம்மின்னு சொன்னுச்சு பாருங்க, அந்தக்கா மொகம் மொளகாய விட செவந்து போச்சு. சாயங்காலமே ரெண்டு ஆளு வச்சி அம்மி வீடு வந்து சேந்துருச்சு.

அப்பேர்ப்பட்ட பஞ்சாலைக்கே போன மாசம் வேர்த்து ஊத்திருச்சு. காரணம் வேற யாரும் இல்ல, சொந்த அண்ணன். முருகையா.

முருகையா மந்தின்ல இருக்காரு. எண்ணெய்ப்பனை லோரி ஓட்டுன மனுசன். முதுகு வலி வந்து வேலைய விட்டதுலேருந்து கையில போனு. அந்த ஸ்டேரிங்க எப்படி புடிச்சாரோ அப்படியே போன புடிச்சிக்கிட்டு இருக்காரு, ரெண்டு கையாலயும். காலையில சாமி படம், பூ படம், "இனிய காலை வணக்கம்". காப்பி குடிச்ச ஒடனே அரசியலு. அந்தக் கட்சிக்காரன் இத தின்னுட்டான், இந்தக் கட்சிக்காரன் அத முழுங்கிட்டான், அவசரம், அவசரம், பத்து பேருக்கு அனுப்பு. மத்தியானம் சோறு தின்னுட்டு திரும்ப அரசியலு. அவரு அனுப்புறத எல்லாம் தாள்ல அடிச்சி விரிச்சா மந்தின்லேருந்து செரம்பான் வரைக்கும் ரோட்ட மூடிறலாம், ரோடு போடுற ஜேகேஆர் ஆளுங்க வந்து கோடு போட்டாலும் போட்ருவாங்க.

அனுப்புற எடம், "மயிலம்மாள் குடும்பம்". மயிலம்மாள் அவங்க அம்மா, செத்து போயி ரொம்ப நாளாச்சு. அந்தம்மா பேருல புள்ளைங்க, மருமவனுங்க, பேரப்புள்ளைங்க எல்லாரும் சேந்து ஒரு குரூப்பு. முருகையா அனுப்புறத யாரும் தொறந்து பாக்குறதில்ல. ஒரு கட்டவெரலு படத்த போட்டுட்டு போயிருவாங்க. அவருக்கும் அது போதும். குடும்பம் நல்லா போயிக்கிட்டு இருந்துச்சு.

பஞ்சாலை மக திலகாவுக்கு கல்யாணம் முடிவாச்சு. திலகா அம்பாங்கான்ல ஒரு கிளினிக்குல நர்சு. மாப்பிள வீடும் அம்பாங்கான்தான். மண்டபம், சாப்பாடு, பஸ்ஸு எல்லாம் ஒரே எடத்துல பேசிக்கிலாம்னு திலகா மாப்பிளயோட அப்பாவையும் குரூப்புல சேத்து விட்டுச்சு. குரூப்புக்கு அட்மின் அதுதான்.

மாப்பிளயோட அப்பா பேரு திருச்செல்வம். நல்ல மனுசன். ஆனா ஒரு கட்சிக்கு கிளைத் தலைவரு. எந்தக் கட்சின்னு நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு நானும் ரோட்டுல நடக்கணும். சட்டமன்றத் தேர்தலு வேற வருது வருதுன்னு பேச்சு.

இப்ப உங்களுக்கே வெளங்கியிருக்கும். பஞ்சாலைக்கு வெளங்கல. கல்யாணத்துக்கு என்னென்ன வாங்கணும்னு ஓடுற ஓட்டத்துல, அண்ணன் வாயையும் சம்பந்தி காதையும் ஒரே அறையில பூட்டி வச்சிருக்கோம்னு அதுக்கு தோணவே இல்ல.

வெள்ளிக்கெழம காலையில வந்துச்சு அந்தப் படம்.

ஒரு கோயிலு. கோபுரத்த மண்ணு வாருற மெசினு இடிக்குது. பக்கத்துல ஒரு லோரி நிக்குது. கீழ செவப்பு எழுத்து: "நம்ம நெகிரி செம்பிலான்ல நடந்த கொடும! இந்தக் கட்சிக்கு ஓட்டு போட்டா ஒங்க கொலசாமிக்கும் இதான் கதி! இந்தக் கட்சிக்காரன வீட்டுல சேக்காதே!" அதுக்கும் கீழ திருச்செல்வம் கட்சியோட சின்னம், குறுக்க ஒரு பெரிய பெருக்கல் குறி.

வீட்டுல சேக்காதேவாம். சம்பந்தி ஆகப்போறாரு அந்த மனுசன்!

படத்துக்கு மேல ரெண்டு அம்புக்குறி இருந்துச்சு. பல தடவ கை மாறி வந்ததுக்கு வாட்சாப்பு போடுற அடையாளம் அது. அந்த மாதிரி வந்தத ஒரு தடவைக்கு ஒரு எடத்துக்குத்தான் அனுப்ப முடியும். முருகையா இருக்குறது பதினெட்டுப்பட்டி குரூப்புல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தள்ளிவிட்டிருக்காரு, பாவம், கட்டவெரலு தேஞ்சி சுண்டுவெரலு ஆகியிருக்கும். அந்த வேகத்துல குடும்ப குரூப்புக்கும் ஒண்ணு தள்ளிட்டாரு. சம்பந்தி உள்ள இருக்குறது அவருக்கு ஞாபகமே இல்ல.

சரி, எப்பவும் போல கட்டவெரல போட்டுட்டு போயிருந்தா பரவால்ல. பஞ்சாலையோட தங்கச்சி மகன் யூஜின் இருக்கானே, செனவாங்ல பேக்டரி வேல, அவன் பட்டுனு போட்டான்: "Fake lah மாமா. இந்தியா படம் இது. சும்மா சும்மா அனுப்பாதீங்க." பின்னாடி விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி நாலு.

முருகையா பதில் எழுத ரொம்ப நேரம் எடுத்துக்குவாரு. ஒவ்வொரு எழுத்தா தேடி அமுக்கணும். அன்னைக்கு மட்டும் பொலபொலன்னு வந்துச்சு: "நேத்து பொறந்தவன் எனக்கு பாடம் சொல்றான். மரியாத இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல. கல்யாணத்த நீங்களே நடத்திக்கங்க."

அதுக்கு அடுத்து திருச்செல்வம் கிட்டேருந்து ஒண்ணு வந்துச்சு. ஒரே ஒரு கட்டவெரலு. அவ்வளவுதான்.

பஞ்சாலை அந்த கட்டவெரல பாத்துக்கிட்டே நிக்குது. இது என்னா வெரலு? சரிங்கற வெரலா? இருக்கட்டும் பாத்துக்குறேங்கற வெரலா? கடவுள் மனுசனுக்கு பத்து வெரலு குடுத்தாரு, அதுல ஒரு வெரலு இப்படி ஆட்டி வைக்கும்னு அதுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு.

போனு அடிச்சிச்சு. திலகா.

"ம்மா! பாத்தீங்களா? மாமாக்கு அறிவு இருக்கா? நான் அட்மின்தானே, அந்தப் படத்த அழிச்சிர்றேன்!"

"அழிச்சா என்னா காட்டும்?"

"அட்மின் திலகா அழிச்சிட்டாங்கன்னு காட்டும்."

"அடிப்பாவி, கைய எடுடி! பெரட்டுல நிக்க வச்சி கன்னத்துல அறையுற மாதிரிலா அது!"

பெரட்டுன்னா, தோட்டத்துல வேலைக்கு போறதுக்கு முன்ன எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி ஆளு கூப்பிடுறது. கண்டிசனான மண்டோர் கூட வயசான ஆள பெரட்டுல வச்சி ஏச மாட்டாரு. வேலைக்காட்டுக்கு போனதும் மரத்து நெரைக்குள்ள தனியா கூப்பிட்டு, "என்னண்ணே, நேத்து கொல வெட்டுனது இப்படி ஆயிருச்சு"ன்னு கேப்பாரு. பெரட்டுல ஏசுனா அந்த ஆளு அன்னைக்கே பொட்டிய கட்டிருவான். குரூப்பும் அதே பெரட்டுதான், காலுல செருப்பு மட்டும்தான் வேற.

"அப்ப என்னாதான் பண்றது? மாமா வரலன்னா?" திலகா விடல. "எனக்கு மாமா மால போடணும்மா. வேற யாரும் போட வேணாம்."

அங்கதான் விசயமே. தாய்மாமன் இல்லாம மணவறைக்கு பொண்ண யாரு கூட்டிட்டு வர்றது? முருகையா ஒரே ஒரு தாய்மாமன். சம்பந்தி மனசும் கெடக்கூடாது, அண்ணனும் போயிரக்கூடாது.

"நீ ஒண்ணும் தொடாத. எனக்கு கொஞ்ச நேரம் குடு."

பஞ்சாலை மொதல்ல யூஜினுக்கு போனு போட்டுச்சு.

"பெரியம்மா, நான் சொன்னது உண்மதானே! அந்தப் படத்த கூகள்ல போட்டு தேடுனேன். இந்தியா பேப்பர்ல வந்தது, பழைய படம். ரோடு பெருசாக்குறப்ப பூச போட்டு கோயில எடுத்து வேற எடத்துல கட்டியிருக்காங்க. லிங்க் அனுப்பவா குரூப்புல?"

"ராசா, நீ சொன்னது சரி. சொன்ன எடம்தான் தப்பு. எட்டு நாளு பட்டினி கெடந்தவன் மாதிரி பாஞ்சிட்டியே! லிங்கும் வேணாம் கிங்கும் வேணாம். உங்க மாமா கூகளையும் கட்சிக்காரன் வாங்கிட்டான்னு சொல்வாரு. நீ சிரிச்ச மூஞ்சிக்கு மட்டும் அவருக்கு போனு போட்டு மன்னிப்பு கேளு. படத்த பத்தி ஒரு வார்த்த பேசாத."

"ஓக்கேலா பெரியம்மா."

அப்புறம் குரூப்புல ஒரே ஒரு வரி போட்டுச்சு: "அண்ணே, படத்த பாத்தேன், உங்க கிட்ட பேசுறேன். சம்பந்தி, நீங்களும் தப்பா எடுத்துக்காதீங்க." படம் உண்மன்னும் சொல்லல, பொய்யின்னும் சொல்லல. சண்டைக்கு சாமான் எடுக்கப்போன கைக்கெல்லாம் ஒரு ஸ்டாப்பு.

பொறவு கேண்டீன் மேசையில ஒக்காந்து அந்தப் படத்த ரெண்டு வெரலால இழுத்து இழுத்து பெருசாக்குச்சு. லோரி நம்பர் பிளேட்டுல பாதிய மரக்கெள மறைக்குது. தெரியுறது "N 6", அவ்வளவுதான். நெகிரி செம்பிலான் மாநில வண்டிக்கெல்லாம் நம்பரு N-லதான் ஆரம்பிக்கும். அண்ணன் ஏன் நம்புனாருன்னு பஞ்சாலைக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. வாழ்க்க பூரா N பிளேட்டு வண்டி ஓட்டுன மனுசன், N-ன பாத்ததும் சொந்தக்காரன பாத்த மாதிரி ஆகியிருக்கும்.

ஆனா பிளேட்டு மஞ்சக் கலரு. எழுத்து கறுப்பு.

நம்ம ஊரு வண்டிக்கு கறுப்பு பிளேட்டுல வெள்ள எழுத்து. இது அப்படியே தலைகீழு, மஞ்ச குளிச்ச லோரி.

எழுதுனா மொறைக்கிற மாதிரி இருக்கும்னு பேசி அனுப்ப முடிவு பண்ணுச்சு. மைக்க அமுக்கிச்சு. "அண்ணே, ஏண்ணே இப்படி மானத்த வாங்குறீங்க"ன்னு ஆரம்பிச்சிருச்சு. சீச்சீ, வேணாம்னு இடப்பக்கம் தள்ளி போட்டுச்சு. ரெண்டாவது தடவ நல்லாத்தான் வந்துச்சு, நடுவுல கூட வேல செய்யிற அம்மா "பஞ்சால, மீ கருகுது!"ன்னு கத்த, அதுவும் குப்பைக்கு. மூணாவதுதான் போச்சு, அண்ணனுக்கு மட்டும் தனியா:

"அண்ணே, சாப்டீங்களா? முதுகு வலி எப்படி இருக்கு? இங்க பாருங்கண்ணே, கோயில இடிக்கிறத பாத்தா உங்களுக்கு வயிறு எரியும்னு எனக்கு தெரியாதா. நம்ம தோட்டத்து முனியாண்டி கோயில எடம் மாத்துனப்ப நீங்கதான செங்கல்ல லோரியில ஏத்திட்டு போனீங்க. எனக்கு ஒரு சந்தேகம்ணே, உங்கள விட்டா யார கேக்குறது. அந்தப் படத்துல நிக்குற லோரி இருக்குல்ல, அத கொஞ்சம் பெருசாக்கி பிளேட்ட பாருங்க. நம்ம ஊருல லோரிக்கு எப்பண்ணே மஞ்ச பிளேட்டு வந்துச்சு? நான் வண்டி ஓட்டுனவ இல்ல, நீங்க சொன்னா சரி. இன்னொண்ணு, சம்பந்தி நம்ம குரூப்புல இருக்காருண்ணே, திலகா சேத்துச்சு. உங்களுக்கு தெரியாதுன்னு எனக்கு தெரியும். என்னா செய்யலாம்னு நீங்களே யோசிச்சி சொல்லுங்க. வச்சிர்றேன், மீ கருகுது."

பொய்யிங்கற வார்த்த எங்கயும் இல்ல. யூஜின் பேரும் இல்ல.

பஞ்சாலை மீய பெரட்டுறது, போன பாக்குறது, மீய பெரட்டுறது. மைக்கு படம் நீலமாச்சுன்னா கேட்டுட்டாருன்னு அர்த்தம். அது சாம்பலாவே கெடந்துச்சு. ஒரு யுகம் ஆச்சு. மலாக்கா சுல்தான் காலத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்குற மாதிரி இருந்துச்சு.

நீலமாச்சு. அப்புறம் திடீர்னு போனு.

"ஏ புள்ள!"

"சொல்லுங்கண்ணே."

"அது... அது நம்ம ஊரு லோரி இல்ல."

"அப்படியா!"

"என்னா அப்படியா? நெத்தியப் பாரு, பாடி மரத்துல கட்டியிருக்கான், பின்னாடி பூவெல்லாம் வரைஞ்சி வச்சிருக்கான். டயரப் பாரு. நம்ம ஊருல இந்த லோரிய புஸ்பாகோம் வண்டிச் சோதனைக்கு கொண்டு போனா கேட்டுலயே தொரத்தி விட்ருவான்! அது தமிழ்நாட்டு வண்டி. T-ய மரம் மறைச்சிருச்சு. TN. நான் N-ன மட்டும் பாத்துட்டேன்."

"உங்களுக்கு உள்ள கண்ணு வேற யாருக்கு இருக்குண்ணே."

"மசுரு கண்ணு. இருந்திருந்தா அனுப்பியிருப்பனா? அந்த மனுசன் பாத்துட்டாரா?"

"கட்டவெரலு போட்டிருக்காரு."

"கட்டவெரலா? ஐயோ! ஏசியிருந்தா கூட பரவால்லியே! இரு, இப்பவே அழிச்சிர்றேன்."

டொக்குனு வச்சிட்டாரு. கொஞ்ச நேரத்துல திரும்ப போனு.

"அழிச்சிட்டேன். சுத்தமா போச்சு."

பஞ்சாலை குரூப்ப தொறந்து பாத்துச்சு. கோயிலு இருக்கு, மெசினு இருக்கு, லோரி மஞ்ச மஞ்சேன்னு சிரிச்சிக்கிட்டு நிக்குது.

"அண்ணே, இங்க இருக்கே."

"என்னா இருக்கு? இங்க ஒண்ணுமே இல்ல! கோயிலையே காணோம்!"

"நீங்க எத அமுக்குனீங்க?"

"ரெண்டு மூணு கேட்டுச்சு. எனக்கு மட்டும் அழின்னு இருந்துச்சு, அதத்தான் அமுக்குனேன். நான் அனுப்புனதுதானே, எனக்குத்தானே!"

அவரு பேசுறதுல ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யிது. ஆனா வாட்சாப்புக்கு அந்த ஞாயம் புரியாது. அவரு போனுல மட்டும் கோயிலு மறைஞ்சிருச்சு, மத்த எல்லார் போனுலயும் இடிபட்டுக்கிட்டே இருக்கு. இனிமே அவரால எல்லாருக்கும் சேத்து அழிக்க முடியாது, அந்தப் படமே அவரு கையில இல்ல. செய்யிறதா இருந்தா அட்மின்தான் செய்யணும்.

"திலகாவ அழிக்க சொல்லவாண்ணே?"

"புள்ள அழிச்சா, மாமன மருமவ அடக்கிட்டான்னு காட்டுமா?"

"அட்மின் திலகா அழிச்சதுன்னு காட்டும்ணே."

முருகையா யோசிச்சாரு. லோரிய மலையில ஏத்துறப்ப கியர மாத்துற மாதிரி ஒரு பெருமூச்சு கேட்டுச்சு.

"மொதல்ல நான் பேசுறேன். அப்புறம் அழிக்கட்டும். நான் சொல்லி புள்ள செஞ்சதா இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரிண்ணே. எழுதாதீங்க, பேசி அனுப்புங்க. உங்க கொரலு நல்லா இருக்கும்."

குரூப்புல முருகையா கொரலு வந்துச்சு. பின்னாடி கோழி கூவுது, எவனோ மோட்டோர் முறுக்குறான்.

"எல்லாருக்கும் வணக்கம். மந்தின் முருகையா பேசுறேன். காலையில நான் போட்ட படம் நம்ம ஊரு படம் இல்ல. பக்கத்துல நிக்குற லோரி தமிழ்நாட்டு லோரி. லோரிக்காரன் நான் சொல்றேன், இதுல யாரும் மாத்தி பேச முடியாது. பாக்காம அனுப்பிட்டேன். சம்பந்தி, உங்க கட்சிக்கு நான் ஓட்டு போடுவனா மாட்டனான்னு அது வேற. ஆனா உங்கள வீட்டுல சேக்காதேன்னு எழுதுனது நான் இல்ல, எவனோ. எங்க வீட்டு வாசலு உங்களுக்கு தொறந்துதான் கெடக்கும். திலகா, அந்தக் கருமத்த நீ அழிச்சிரு ஆயி. எனக்கு அழிக்க வரல."

திலகா அழிச்சிச்சு. "அட்மின் திலகா அழிச்சிட்டார்"னு ஒரு வரி மட்டும் நின்னுச்சு, இடிச்ச எடத்துல போர்டு நட்ட மாதிரி.

எல்லாரும் கட்டவெரலு போட்டாங்க. திருச்செல்வம் மட்டும் ஒண்ணும் போடல. பஞ்சாலை திரும்ப போனயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. வெரலு வந்தாலும் பயம், வராட்டியும் பயம், இது என்னா பொழப்பு!

போனு அடிச்சிச்சு. அவரேதான்.

"தங்கச்சி, மறைக்காம சொல்றேன். காலையில பாத்ததும் பெருசா ஒரு பதிலு எழுதி வச்சிட்டேன். உங்க அண்ணன் பரம்பரைக்கே எழுதுனேன்னு வைங்க."

"அனுப்பலியே சம்பந்தி?"

"தப்பா எடுத்துக்காதீங்கன்னு நீங்க ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதனால நிப்பாட்டி வச்சேன். வெரல மட்டும் போட்டது அதுக்கும் முன்னாடி, கோவத்துல. இப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டேன். உங்க அண்ணன் நம்பர குடுங்க. எங்க கட்சி பிளேட்டு என்னா கலருன்னு நான் அவருகிட்ட நேராவே பேசிக்கிறேன்."

"சண்ட போட மாட்டீங்களே?"

"போடுவேன். குரூப்புல இல்ல, தனியா."

போட்டாங்களாம். ஒரு மணி நேரம் போட்டாங்களாம். கடைசியில முருகையா, "உங்க கட்சி ஒதவாத கட்சி, ஆனா நீங்க நல்ல மனுசன் சம்பந்தி"ன்னு சொன்னாராம். அவரும், "உங்க படமெல்லாம் பொய்யி, ஆனா கோயிலு மேல உள்ள பாசம் பொய்யில்ல"ன்னாராம். யூஜின் அதுக்கு முன்னாடியே போனு போட்டு மன்னிப்பு கேட்டிருந்தான். "போடா பொடிப்பயலே, வந்து மண்டபத்துல நாக்காலி தூக்கு"ன்னு முருகையா வாழ்த்திட்டாரு.

கல்யாணத்துல முருகையா பட்டு வேட்டி கட்டி, திலகாவுக்கு மால போட்டு, கைய புடிச்சி மணவறைக்கு கூட்டிட்டு வந்தாரு. நடக்குறப்ப பாக்கணுமே, இருவது டன்னு லோரிய ஓட்டிட்டு வர்ற கெத்து. திருச்செல்வம் எழுந்திரிச்சி வழி விட்டாரு.

இப்ப என்னா கத தெரியுமா? முருகையா குரூப்புல எதையும் நேரா போடுறதில்ல. மொதல்ல பஞ்சாலைக்கு தனியா அனுப்புறாரு. "தங்கச்சி, இது சரியான்னு பாரு, போடலாமா?"ன்னு. காலையில சாமி படம், அப்புறம் அரசியலு, சோறு தின்னுட்டு திரும்ப அரசியலு. முன்னெல்லாம் ஊரே பங்கு போட்டு பாக்காம விட்டத இப்ப பஞ்சாலை ஒத்தையா ஒக்காந்து பெருசாக்கி பெருசாக்கி பாக்குது. போனுல எடமே இல்லன்னு வாட்சாப்பு அலறுது. மக கல்யாண படத்த வைக்க எடமில்ல.

நேத்து கூட ஒரு மந்திரி படம் வந்துச்சு. பஞ்சாலை மீ கரண்டியோட போனு போட்டு கேட்டுச்சு:

"அண்ணே, இந்த மந்திரி கையில ஏண்ணே ஆறு வெரலு இருக்கு?"



"இரு,"ன்னாரு முருகையா. "கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்."